எபிட்டா 30ல இருந்து 36 ஆன கதை

அனலிஸ்டா வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வருஷம், லாரி வச்சு சரக்கு ஏத்துற ஒரு கம்பெனியோட கணக்க எங்கிட்ட குடுத்தாங்க. கம்பெனி பேரு வேணாம். எண்ணெல்லாம் புரியுறதுக்காக சுருக்கி சொல்றேன், மொத வருஷம் வருமானம் 100, ஓட்டுற செலவு 70, எபிட்டா 30. அடுத்த வருஷம் அதே 100 வருமானம், செலவு 64, எபிட்டா 36. நானும் சந்தோஷமா "செலவ நல்லா கட்டுப்படுத்திருக்காங்க"ன்னு ஒரு வரி எழுதி அனுப்பிட்டேன்.

எபிட்டான்னா வட்டி, வரி, தேய்மானம் இதெல்லாம் கழிக்கிறதுக்கு முன்னாடி நிக்கிற லாபம். அனலிஸ்டுக்கு இது ஏன் பிடிக்கும்னா, ஒரே மாதிரி லாரி வச்சிருக்கற ரெண்டு கம்பெனில ஒருத்தர் லாரிக்கு 5 வருஷம் ஆயுசுன்னு தேய்மானம் போடுவார், இன்னொருத்தர் 10 வருஷம்னு போடுவார், ஒருத்தர் கடன்ல வாங்கிருப்பார், இன்னொருத்தர் சொந்தப் பணத்துல, கடைசி லாபத்த மட்டும் பாத்தா ரெண்டையும் பக்கத்துல வைக்கவே முடியாது. எபிட்டா இந்த வித்தியாசத்தெல்லாம் தள்ளி வச்சுடும். கடன் நிறைய வாங்கி கேபிள் டிவி கம்பெனிய வளத்த ஜான் மலோன் மாதிரி ஆளுங்க 1980கள்ல இத பிரபலமாக்குனதுக்கும் காரணம் இருக்கு, வட்டி கட்ட கையில எவ்ளோ வருதுன்னு கடன் குடுக்கறவங்களுக்கு இது சீக்கிரம் காட்டிடும். அதனால இத மொத்தமா குப்பைன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

என் சீனியர் மேடம் அந்த வரிய படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "ஏம்பா, டீசல் விலையும் குறையல, டிரைவர் சம்பளமும் குறையல, அப்புறம் அந்த 6 எங்க போச்சு?"

தேடுனா கணக்குக் குறிப்புல ஒரு ஓரத்துல இருந்துச்சு. இஞ்சின பிரிச்சு மேயுற பெரிய ரிப்பேர அதுவரைக்கும் செலவுல எழுதிட்டிருந்தவங்க அந்த வருஷத்துல இருந்து சொத்துல சேத்துட்டாங்க. கேபெக்ஸ, அதாவது சொத்துல போட்ட பணத்த பாத்தா போன வருஷம் 14, இந்த வருஷம் 20. எபிட்டால இருந்து கேபெக்ஸ கழிச்சா 30ல 14 போக 16, 36ல 20 போக அதே 16. வெளிய போன பணம் ஒரு பைசா கூட குறையல, எழுதுன இடம்தான் மாறிருக்கு.

இத ஏமாத்துன்னு சட்டுனு சொல்லிட முடியாது, பெரிய ஓவர்ஹாலிங்க சொத்தா காட்ட கணக்கு விதியே சில இடத்துல அனுமதிக்குது, ஆடிட்டரும் கையெழுத்து போட்டிருந்தார். ஆனா விஷயம் எங்க இருக்குன்னா, அந்த 6ஐ 3 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 2 தேய்மானமா திரும்பி வந்து லாபத்த கடிக்கும், வருஷா வருஷம் இதே மாதிரி 6 போட்டுட்டே போனா மூணாவது வருஷம் தேய்மானமே 6 ஆயிடும், லாபம் பழைய எடத்துக்கே வந்துடும். எபிட்டா மட்டும் வராது. தேய்மானத்துக்கு முன்னாடியே நிக்கிற எண்ணு இல்லையா, அங்க அந்த செலவு எந்த வருஷத்துலயும் தெரியவே தெரியாது.

வார்ரன் பஃபெட் பங்குதாரர்களுக்கு எழுதுன 2000ஆம் வருஷத்துக்கான கடிதத்துல, விழுந்த பல்லுக்கு காசு வச்சுட்டுப் போகும்னு குழந்தைங்க நம்புற பல் தேவதையா வந்து கேபெக்ஸுக்கு பணம் கட்டுதுன்னு கேட்டாரே, அது எனக்கு உண்மையா உறைச்சது அன்னைக்குதான்.

சரி, இத ஏன் பண்ணாங்க? கம்பெனி கடன் 120. கடன் எபிட்டாவ போல 4 மடங்குக்கு மேல போகக்கூடாதுன்னு பேங்க் ஒப்பந்தம், அடுத்த வருஷத்துல இருந்து அது 3.5ஆ இறங்குது. 30 எபிட்டா வச்சா சரியா 4, மாட்டிக்குவாங்க. 36னா 3.3, தப்பிச்சாச்சு. நாங்க வேற எபிட்டாவ 8ஆல பெருக்கி கம்பெனிக்கு மதிப்பு போடுற ஆளுங்க, 240 இருந்தது 288 ஆயிடுச்சு, லாரி ஒண்ணு கூட கூடல.

இதோட முரட்டு வடிவம்தான் அமெரிக்க டெலிபோன் கம்பெனி வேர்ல்ட்காம் பண்ணது. மத்த டெலிபோன் கம்பெனிகளோட லைன பயன்படுத்துறதுக்கு கட்டுற வாடகை மாதிரி செலவு, சுத்தமா அன்றாட செலவு, அத சொத்துன்னு எழுதி வச்சாங்க. சிந்தியா கூப்பர்ங்கற உள் தணிக்கை அதிகாரியோட டீம் தோண்டி எடுத்து 2002 ஜூன்ல வெளிய வந்தப்போ 380 கோடி டாலர். அது விதிய மீறுனது, எங்க லாரிக்காரங்க விதிக்குள்ளயே பண்ணது, ஆனா எபிட்டாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டையும் கண்ணு தெரியாம ஏத்துக்கிச்சு.

நான் அந்த வரிய அழிச்சுட்டு, எபிட்டாவுக்கு நேர் கீழ கேபெக்ஸ் கழிச்ச ஒரு வரிசைய சேத்து அனுப்புனேன். அடுத்த கான்ஃபரன்ஸ் கால்ல அவங்க நிதித் தலைவர்கிட்ட, "இந்த 20ல இருக்கற லாரிய ஓட வைக்க எவ்ளோ, புதுசா வாங்க எவ்ளோ?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல. அப்புறம் "அப்படி நாங்க பிரிச்சு வெளியிடறதில்ல"ன்னுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்.