ஜப்பானிய மெயிலில் வந்த க்யூஆர் கோடு

கியோட்டோவில் விடுதிக்கு வந்து சேர்ந்த இரவில்தான் நாங்கள் வாங்கியிருந்த இ-சிம்முக்கான மெயில் அக்காவின் போனுக்கு வந்தது. உள்ளூர் நிறுவனத்தின் டேட்டா சிம் அது, விலையும் குறைவு. ஆனால் மெயில் முழுக்க ஜப்பானிய மொழி. ஒரு க்யூஆர் கோடு, அதன் கீழே படம் போட்டு நீளமாக வழிமுறை, கடைசியில் ஒரு சின்ன அட்டவணை. அக்கா கொஞ்சம் மிரண்டுவிட்டாள். "இதை எப்படிடி படிச்சு முடிக்கிறது?"

முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. இ-சிம்மை இறக்குவது போனின் வேலை, அந்த மெனு நம் போனில் நமக்குத் தெரிந்த மொழியில்தான் இருக்கும். மெயிலில் நமக்குத் தேவையானவை பெரும்பாலும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலுமே இருக்கும்.

க்யூஆர் கோடுக்குள் இருப்பது ஒரே ஒரு வரிதான். கோடைப் படிக்க மட்டும் செய்கிற சாதாரண ஸ்கேனர் செயலியில் பார்த்தால் இப்படித் தெரியும் (எழுத்துகளை மாற்றியிருக்கிறேன்):

```
LPA:1$rsp.example.jp$K7QX-29AB-PL40$$1
```

முதல் `$` குறிக்கு அப்புறம் வருவது இ-சிம்மை வைத்திருக்கும் சர்வரின் முகவரி. மெயிலில் அது SM-DP+ என்ற பெயரோடு தனியாகவும் இருக்கும். அடுத்தது நமக்கென்று ஒதுக்கிய குறியீடு. கேமரா கோடைப் பிடிக்காவிட்டால் இவற்றைக் கையால் தட்டச்சு செய்தும் இறக்கலாம்.

நான் முதலில் பார்ப்பது வரியின் வால்தான். `$$1` என்று முடிந்தால், இறக்கும்போது போன் இன்னொரு எண்ணைக் கேட்கும் என்று அர்த்தம். எங்கள் மெயிலில் அது 確認コード என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் தனியே இருந்தது. முன்கூட்டியே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். வரியில் அந்த வால் இல்லையென்றால் இந்த எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

ஸ்கேன் செய்யும் முன் எந்தப் போனில் ஏற்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மெயில் வந்தது அக்காவின் ஐபோனில், இ-சிம் ஏற வேண்டியது பயணத்துக்கென்று வைத்திருந்த ஆண்ட்ராய்டில். இப்போதைய ஐபோன்களில் மெயிலில் உள்ள கோடை அழுத்திப் பிடித்தாலே "இ-சிம் சேர்க்கவா?" என்று கேட்கும். அங்கே சரி என்று தட்டினால் அது அந்தப் போனிலேயே ஏறிவிடும். பெரும்பாலான கோடுகள் ஒரு தடவைக்குத்தான் என்பதால் அப்புறம் இன்னொரு போனுக்கு மாற்ற நிறுவனத்திடம் புதுக் கோடு கேட்க வேண்டும். அதனால் ஐபோனைத் திரை வெளிச்சம் கூட்டி மேசையில் வைத்தோம், அதில் எதையும் தொடவில்லை. ஆண்ட்ராய்டை விடுதி வைஃபையில் இணைத்து, செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், புதிய சிம் சேர்ப்பதைத் தேர்ந்து, அதன் கேமராவைக் காட்டினோம். எழுதி வைத்த எண்ணைக் கேட்டது, கொடுத்ததும் இறங்கியது.

வைஃபை நடுவில் அறுந்தால் உடனே மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டாம். முதலில் சிம் பட்டியலைத் திறந்து பாருங்கள். பல சமயம் இ-சிம் இறங்கி, அணைந்த நிலையில் அங்கேயே இருக்கும், இயக்கினால் போதும்.

எங்களுக்கு அடுத்த சிக்கல் அப்புறம்தான் வந்தது. சிக்னல் கோடுகள் நிறைய, வைஃபையை அணைத்தால் இணையம் இல்லை. சிக்னல் இருந்தும் டேட்டா ஓடவில்லை என்றால், முதலில் டேட்டாவுக்கு இந்த சிம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது APN, அதாவது எந்த வழியாக இணையத்துக்குப் போவது என்று போனுக்குச் சொல்லும் அமைப்பு. இன்னொருவரின் வலைப்பின்னலை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறிய நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கும். மெயிலின் கடைசியில் இருந்த சின்ன அட்டவணை இதற்குத்தான்: முதல் வரி APN, அடுத்து பயனர் பெயர், கடவுச்சொல், கடைசியில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையாக PAP அல்லது CHAP என்ற தேர்வு. சிம் அமைப்புக்குள் புதிய APN ஒன்றை உருவாக்கி, நான்கையும் அப்படியே ஏற்றிச் சேமித்து, அதையே தேர்வு செய்தோம். விமானப் பயன்முறையை ஒரு தடவை போட்டு எடுத்ததும் வரைபடம் திறந்தது. ஐபோனாக இருந்தால் இந்த விவரங்களை ஒரு சிறு கோப்பாகக் கொடுப்பார்கள், அதை வைஃபையில் இருக்கும்போதே இறக்கிக்கொள்வது நல்லது.

டேட்டா ரோமிங்கைத் தொடவில்லை. அந்த நாட்டு நிறுவனத்தின் சிம், அந்த நாட்டிலேயே ஓடும்போது பொதுவாக அது தேவைப்படாது. பல நாடுகளுக்குச் சேர்த்து விற்கும் இ-சிம்களில்தான் ரோமிங்கை இயக்கச் சொல்வார்கள், அப்போதும் அந்த சிம்முக்கு மட்டும் இயக்கினால் போதும். ஊர் சிம் அதே போனில் இருந்தால் அதன் ரோமிங் அணைந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் பில் எகிறிவிடும்.

திட்டத்தின் நாட்கள் முடியும்வரை இ-சிம்மை நீக்க வேண்டாம். இடையில் தேவையில்லை என்றால் அணைத்து வைக்கலாம், மறுபடி இயக்க எந்தக் கோடும் கேட்காது.