வாழைக்கு ஒரு வியாழக்கிழமை நேரலை

சேரன்மகாதேவி பக்கம் உரம், மருந்து விற்கிற கடை வைத்திருக்கிறேன். வாழை மஞ்சளாகிறது என்று யாராவது வந்தால் நானே ஏதாவது சொல்லி அனுப்புவேன். ஒருநாள் களக்காட்டுக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, இது நோய்க்குச் சொல்லுதீயளா, மருந்து விக்கச் சொல்லுதீயளா?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே, பணி ஓய்வு பெற்ற பயிர் நோயியல் பேராசிரியர் ஒருவரிடம் போய், மாதம் இரண்டு வியாழன் யூடியூப் நேரலையில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். கைபேசியிலிருந்து நேரலை போக 50 சந்தாதாரர்கள் வேண்டும்; முதல் தடவை அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். இது தெரியாமல் அன்றே தொடங்கப் பார்த்து ஒரு வாரம் தள்ளிப்போனது.

முதல் நேரலை சொதப்பல். "வாழை மஞ்சளாகுது, என்ன மருந்து?" என்று ஒருவர் எழுதினார். எந்த ரகம், எத்தனை மாதம், எந்த இலையில் தொடங்கியது என்று சார் திருப்பிக் கேட்டார். நாங்கள் பேசுவது பார்ப்பவர்களுக்குப் பல விநாடி கழித்துத்தான் போய்ச் சேருகிறது. அப்புறம் அவர் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பதில் வந்ததும் சார் அடுத்த கேள்வி கேட்டார். மறுபடியும் காத்திருப்பு. ஆள் பாதியிலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். நான்கு நாள் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கேள்வி வாங்கினேன். ரகம், வயது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, முதலில் மஞ்சளானது கீழ் இலையா மேல் இலையா, முழு மரத்தின் படம் ஒன்று, இவ்வளவும் வேண்டும். எழுதச் சொன்னால் அனுப்பாதவர்கள் பேசச் சொன்னால் அனுப்புகிறார்கள். வந்ததில் மூன்றை மட்டும் எடுத்து சாரிடம் முதல் நாள் காட்டிவிடுவேன். நேரலை நேரத்தில் அந்த விவசாயியைத் தொலைபேசியில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். தாமதச் சிக்கல் அதோடு தீர்ந்தது. குரல் வெளியே வரும் என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

இரண்டாம் நேரலையில் வந்த ரஸ்தாளிக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்குவதாகச் சொன்னார். வாடல் நோயாக இருக்கலாம். ஆனால் கிழங்கு அழுகலிலும் மரம் வாடும். சார் அவசரப்படவில்லை. "ஒரு மரத்தைத் தோண்டி, கிழங்கைக் குறுக்கே வெட்டி மோந்து பாருங்க" என்றார். அழுகல் என்றால் நாற்றம் குடலைப் புரட்டும். ஆட்டினாலே மரம் கழுத்தோடு ஒடிந்து, கிழங்கு மண்ணில் நின்றுவிடும். இவர் வெட்டியதில் நாற்றமில்லை. உள்ளே செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும். படம் கைபேசியில் வந்ததும் திரையில் காட்டினோம்.

வாடல் நோய்தான். பியூசேரியம் பூஞ்சை தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. "சரி, என்ன மருந்து சார்?" என்றார் அவர். "பிடிச்ச மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது" என்றார் சார். மரத்தைக் கிழங்கோடு எடுத்து அப்புறப்படுத்தச் சொன்னார். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது, அங்கிருந்து பக்கக்கன்று எடுக்கக் கூடாது, பூஞ்சை பல வருடம் மண்ணில் கிடக்கும் என்பதால் அதே இடத்தில் மறுபடி ரஸ்தாளி வேண்டாம் என்றும் சொன்னார். என் கடை அலமாரியில் நான் இதற்கென்று விற்ற புட்டிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் மறுவாரம் கடைக்கு வந்தவர்கள் மருந்து கேட்கும் முன் மரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

ஐம்பது நிமிடப் பதிவை அப்படியே விட்டால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. கேள்வி வாரியாக வெட்டி, விவசாயி சொன்ன வார்த்தையிலேயே தலைப்பு வைக்கிறேன். 'பியூசேரியம் வாடல்' என்று யார் தேடுவார்? முழுப் பதிவின் விவரப் பகுதியில் நேரக்குறிப்பும் போடுகிறேன். முதல் தடவை 2:10இலிருந்து தொடங்கினேன், அத்தியாயமாகப் பிரியவே இல்லை. 0:00 கண்டிப்பாக வேண்டும். குறைந்தது மூன்று, ஒவ்வொன்றும் 10 விநாடியாவது.

```
0:00 வணக்கம்
2:10 ரஸ்தாளி இலை பாவாடை மாதிரி தொங்குது
21:40 கிழங்கு வெட்டினா நாறுது
```

மருந்தளவு மட்டும் நேரலையில் சொல்வதில்லை. ஒருமுறை லிட்டருக்கும் டேங்குக்கும் நான் மாற்றிச் சொல்லி, பதிவில் அந்த இடத்தை வெட்டி, மேலே திருத்தம் போட வேண்டியதாயிற்று. இப்போது லேபிளைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

வருகிற வியாழனுக்கு வந்த கேள்விகளில் ஒன்று, நான் கேட்காமலே, வெட்டிய கிழங்கின் படத்தோடு வந்திருக்கிறது. "மோந்து பார்த்துட்டேன், நாத்தமில்ல" என்று பின்குறிப்பும் இருக்கிறது.