வயதுக்கு ஆட்ஸ் ரேஷியோ எங்கே? மேட்ச் செய்த ஆய்வை எழுதி முடித்த அனுபவம்

புதுச்சேரியில் சமூக மருத்துவம் மேற்படிப்பு படித்தபோது என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருமே, அதுதான். புதர், புல், சருகு இருக்கும் இடங்களில் வாழும் ஒரு நுண்ணிய பூச்சியின் லார்வா கடிப்பதால் வருவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் கடலூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து நிறையப் பேர் இந்தக் காய்ச்சலோடு வருவார்கள். வேலைக்கு நடுவே புல் தரையிலோ சருகிலோ உட்கார்ந்து படுத்து எழுபவர்களுக்கு இது அதிகம் வருகிறதா என்பதுதான் என் கேள்வி.

நோய் வந்த ஒருவருக்கு, வராத ஒருவர் என்று ஜோடி சேர்க்கும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு. பண்ருட்டிப் பக்க முந்திரித் தோப்புகளைச் சுற்றி அலைந்து தரவு சேர்த்ததைவிட, அதைச் சரியாக எழுதுவதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அதை மட்டும் இங்கே சொல்கிறேன். ஆய்வு இன்னும் அச்சில் வரவில்லை. அதனால் கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை, ஆய்வின் முடிவுகள் அல்ல.

முதலில் மேட்சிங். "வயது, பாலினம், ஊர் ஆகியவற்றால் மேட்ச் செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிற ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன. என் வழிகாட்டி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஒவ்வொண்ணையும் ஏன் எடுத்தேன்னு எழுதும்மா. எடுக்காததையும் ஏன் எடுக்கலைன்னு எழுது" என்றார். அப்படி உட்கார்ந்து எழுதியபோதுதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருப்பது பிடிபட்டது.

வயது, ஐந்து வருடம் கூடக் குறைய. வயதைப் பொறுத்து வேலை மாறும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வருகிற பழக்கமும் மாறும். பாலினமும் அப்படித்தான்: களை எடுப்பதும் சருகு கூட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. ஊரை எடுத்ததற்கு இரண்டு காரணம். இந்தப் பூச்சி எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவியிருக்காது. சில இடங்களில் திட்டுத் திட்டாக இருக்கும். இன்னொன்று, நோய் வந்திருந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கக்கூடியவர்தான் கன்ட்ரோலாக இருக்க வேண்டும். அதே தெருக்காரர் என்றால் அந்த நம்பிக்கை கூடும்.

நான்காவது காலம். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கேஸுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளுக்கு முந்தைய இரண்டு வாரம்தான் நாங்கள் விசாரித்த காலம். ஜோடியில் உள்ள கன்ட்ரோலிடமும் அதே இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்டோம். ஒரு ஊரில் வயதும் தெருவும் பொருந்துகிற ஒரு அம்மா கிடைத்தார். பேச்சுவாக்கில், "நான் மக வீட்டுக்குப் போயி முந்தாநேத்துதான் கண்ணு வந்தேன்" என்றார். அந்த இரண்டு வாரமும் அவர் ஊரிலேயே இல்லை. அவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். "விசாரித்த காலம் முழுதும் ஊரில் இருந்தவர்" என்ற நிபந்தனையையும் வழிமுறைப் பகுதியில் எழுதினேன்.

எடுக்காதது தொழில். விவசாயக் கூலிக்கு விவசாயக் கூலி என்று ஜோடி சேர்த்தால் நியாயமாக இருக்குமே என்று ஆய்வுத் திட்டத்தைப் பார்த்த ஒருவர் கேட்டார். ஆனால் தரையில் உட்காருவதே அந்தத் தொழிலால் வருவது. தொழிலில் மேட்ச் செய்தால் ஜோடியில் இருவருமே உட்காருபவர்களாகவோ இருவருமே உட்காராதவர்களாகவோ ஆகிவிடுவார்கள். நாம் அளக்க வந்த வித்தியாசத்தை நாமே துடைத்துவிடுகிறோம். ஓவர்மேட்சிங் என்று சொல்வது இதைத்தான். தொழிலை மேட்ச் செய்யாமல் விவரமாகப் பதிந்துகொண்டோம்.

சரி, பகுப்பாய்வு. மேட்ச் செய்துவிட்டாலே கன்ஃபவுண்டிங் போய்விடும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கேஸ்-கன்ட்ரோலில் அது உண்மையில்லை. கன்ட்ரோல்களை வேண்டுமென்றே கேஸ்களைப் போலத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதனால் அவர்களுடைய பழக்கவழக்கமும் கேஸ்களுடையதை நோக்கி நகர்ந்திருக்கும். அந்த நகர்வைப் பகுப்பாய்வில் கணக்கில் எடுக்காவிட்டால் ஆட்ஸ் ரேஷியோ 1-ஐ நோக்கிச் சாயும்.

100 ஜோடி என்று வைத்துக்கொள்வோம். இருவருமே தரையில் உட்கார்ந்தவர்கள் 22 ஜோடி. கேஸ் மட்டும் உட்கார்ந்தது 36. கன்ட்ரோல் மட்டும் 12. இருவருமே இல்லை 30. ஜோடியைக் கலைத்துவிட்டுப் பார்த்தால் கேஸ்களில் 58 பேர், கன்ட்ரோல்களில் 34 பேர் உட்கார்ந்தவர்கள். ஆட்ஸ் ரேஷியோ 2.68 வரும். ஜோடியாகவே வைத்துப் பார்த்தால், இருவரும் ஒரே மாதிரி இருக்கும் 52 ஜோடிகள் எதுவும் சொல்வதில்லை. மாறுபடும் 48 ஜோடிகள்தான் பேசும். 36-ஐ 12-ஆல் வகுத்தால் 3.0. அதன் 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் 1.56 முதல் 5.77 வரை.

ஒரே ஒரு காரணியை மட்டும் வைத்து கண்டிஷனல் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் ஓட்டினால் இதே 3.0-தான் வரும். கையால் போட்ட கணக்கும் மென்பொருளும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இது நல்ல வழி. 9 வந்தால், சாதாரண லாஜிஸ்டிக்கில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு டம்மி மாறி போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றுக்கு ஒன்று ஜோடியில் அந்த முறை ஆட்ஸ் ரேஷியோவை வர்க்கமாக்கிவிடும்.

நான் ஓட்டியது ஆர் மென்பொருளில்:

```
library(survival)
m <- clogit(case ~ tharai + thuni + strata(pair), data = d)
summary(m)
```

`tharai` தரையில் உட்கார்ந்தது, `thuni` துணியைப் புதர்மேல் காயப்போட்டது. `strata(pair)` இல்லாவிட்டால் ஜோடி என்பதே கணக்கில் வராது. ஸ்டேட்டா வைத்திருப்பவர்களுக்கு `clogit case tharai thuni, group(pair) or`.

இதில் ஒரு இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். ஒரு கன்ட்ரோல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அவருடைய வரி நீக்கப்படும். அவருடைய கேஸ் தனியாக நிற்கும். தனியாக நிற்கும் கேஸ் கணக்குக்கு எதையும் தராது, ஆனால் ஆர் அச்சிடும் `n`-இலும் `number of events`-இலும் அவர் எண்ணப்பட்டுவிடுவார். அந்த எண்ணை அப்படியே தாளில் போட்டால், கணக்கில் பங்கெடுக்காதவர்களையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். முழுமையான ஜோடி எத்தனை என்று தனியாகவே எண்ணிவிட வேண்டும்:

```
ok <- complete.cases(d[, c("case","tharai","thuni")])
table(table(d$pair[ok]))
```

2 என்பதன் கீழே வரும் எண்தான் உண்மையான ஜோடிக் கணக்கு. 1-இன் கீழே வருபவர்கள் துணை இழந்தவர்கள். இந்த இரண்டையுமே முடிவுப் பகுதியின் முதல் பத்தியில் எழுதினேன்.

ஆய்வேட்டைச் சுருக்கி ஒரு இதழுக்கு அனுப்பியபோது ஒரு மதிப்பாய்வாளரிடமிருந்து வந்த கேள்விதான் இதன் தலைப்பு. வயதுக்கும் பாலினத்துக்கும் ஆட்ஸ் ரேஷியோ அட்டவணையில் இல்லையே, விட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருந்தார்.

பாலினத்துக்குப் பதில் எளிது. ஒவ்வொரு ஜோடியிலும் இருவரும் ஒரே பாலினம். ஜோடிக்குள் வித்தியாசமே இல்லாததை ஜோடிக்குள் ஒப்பிட முடியாது. மாடலில் `sex` சேர்த்தால் ஆர் அந்த இடத்தில் `NA` என்று காட்டும். ஆனால், தரையில் உட்காருவதன் விளைவு ஆண்களிடமும் பெண்களிடமும் வேறுபடுகிறதா என்று கேட்கலாம். `tharai:sex` என்று ஊடாட்டமாகச் சேர்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

வயது கொஞ்சம் சிக்கல். ஐந்து வருட வித்தியாசம் அனுமதித்திருப்பதால் மாடலில் போட்டால் ஒரு எண் வந்துவிடும். அது வயதின் விளைவு இல்லை. ஜோடிக்குள் மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசம் முடிவைக் கெடுக்காமல் இருக்கத்தான் வயதைச் சேர்க்கிறோம். நான் சேர்த்தேன், தரையின் ஆட்ஸ் ரேஷியோ அசையவில்லை. அதை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டு, வயதின் எண்ணை அட்டவணையில் போடாமல் விட்டேன். அதற்கான காரணத்தை அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதினேன். மதிப்பாய்வாளருக்கு அந்த அடிக்குறிப்பே போதுமானதாக இருந்தது.

இதே காரணத்தால் முதல் அட்டவணையில் வயது, பாலினம், ஊர் ஆகியவற்றுக்கு எதிரே பி-மதிப்பு போடவில்லை. ஒத்திருக்கும்படி நாமே தேர்ந்தெடுத்துவிட்டு, ஒத்திருக்கிறதா என்று சோதிப்பதில் பொருளில்லை. வயதுக்கு மட்டும், ஜோடிக்குள் இருக்கும் வித்தியாசத்தின் இடைநிலை அளவைக் கொடுத்தேன். மேட்சிங் எவ்வளவு நெருக்கம் என்று படிப்பவருக்கு அது சொல்லும்.

2007-இல் வந்த ஸ்ட்ரோப் வழிகாட்டிப் பட்டியல் மேட்ச் செய்த கேஸ்-கன்ட்ரோலுக்கு இரண்டு இடத்தில் தனியாகக் கேட்கிறது. எதை வைத்து மேட்ச் செய்தீர்கள், ஒரு கேஸுக்கு எத்தனை கன்ட்ரோல் என்பது ஒன்று. பகுப்பாய்வில் மேட்சிங்கை எப்படிக் கையாண்டீர்கள் என்பது இன்னொன்று. அதற்கு மேல் நானாகச் சேர்த்தது, மேலே சொன்ன நான்கு எண்களும் கொண்ட ஜோடி அட்டவணை. அது இருந்தால் யார் வேண்டுமானாலும் சரிக்கட்டாத ஆட்ஸ் ரேஷியோவைத் தாளிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மாடலில் எத்தனை காரணி தாங்கும் என்பதும் அதிலிருந்தே தெரியும். மேலே போட்ட எடுத்துக்காட்டில் 200 பேர் இருக்கிறார்கள் என்று ஏழெட்டுக் காரணியைத் திணிக்க முடியாது. தகவல் இருப்பது 48 ஜோடியில்தான். அதிலும் சிறிய பக்கம் 12. என் ஆய்விலும் இப்படிப் பார்த்துத்தான் இறுதி மாடலைச் சின்னதாக வைத்தேன்.

குறைகள் பகுதியில் ஊரைப் பற்றி எழுதியதுதான் எனக்கு வருத்தம் தந்த பத்தி. வீட்டுக்குப் பக்கத்தில் புதர் மண்டிக் கிடப்பது நோயைக் கூட்டுகிறதா என்பது கிராமங்களில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி. அந்த விவரத்தையும் பதிந்திருந்தோம். ஆனால் ஒரே தெருவில் இருவரை எடுத்தால் இருவர் வீட்டுப் பக்கமும் அதே புதர்தான். அந்தக் காரணியில் மாறுபட்ட ஜோடிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் ஒன்றும் சொல்ல முடியாத அளவுக்கு அகலம். ஒன்றுக்குக் கீழிருந்து தொடங்கும் அந்த இன்டர்வலைப் பார்த்து "புதருக்கும் நோய்க்கும் தொடர்பில்லை" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஊரில் மேட்ச் செய்ததால் இந்த ஆய்வு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை என்று நேராகவே எழுதினேன். அதற்கு ஊரை மேட்ச் செய்யாத வேறு ஆய்வு வேண்டும்.