பட்டத்தை விடு, பெயரைப் பிடி

நாணயப் பிரிவில் சேர்ந்த முதல் மாதம், என் மேலதிகாரி, இந்தோ-கிரேக்க அரசன் மெனாந்தரின் வெள்ளிக் காசு ஒன்றை மேசைமேல் வைத்தார். கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் காசு. எடை இரண்டரை கிராம் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் அரசனின் உருவமும் கிரேக்க எழுத்தும். மறுபக்கம் அதீனா தெய்வமும், பண்டைய வடமேற்கு இந்தியாவில் வழங்கிய, வலமிருந்து இடமாக ஓடும் கரோஷ்டி எழுத்தும். கரோஷ்டி அட்டவணையை எடுத்துப் பூட்டிவிட்டு, "கிரேக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள், தம்பி" என்றார்.

கிரேக்கப் பக்கத்தில் இருந்தது 'பசிலெயோஸ் சோதேரோஸ் மெனாந்த்ரூ'. அதாவது, காப்பவனாகிய அரசன் மெனாந்தருடையது. மறுபக்கத்தில் மேல்வளைவில் இடைவெளி இல்லாமல் ஒன்பது எழுத்துகள், கீழே தனியாக நான்கு. மேல்வரியின் ஐந்தாவது எழுத்தும் ஒன்பதாவது எழுத்தும், கீழ்வரியின் கடைசி எழுத்தும் ஒன்றே. அது சொல்லின் முடிவு என்று கொண்டால் ஐந்து, நான்கு, நான்கு என்று மூன்று சொற்கள் பிரிந்துவிடும். ஓர் எழுத்தின் ஒலி தெரிவதற்கு முன்பே சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த உற்சாகத்தில்தான் வழுக்கினேன். 'ப-சி-லெ-யோ-ஸ்' ஐந்து, 'சோ-தே-ரோ-ஸ்' நான்கு. எண்ணிக்கை அச்சாகப் பொருந்துகிறது, இரண்டும் 'ஸ்' என்று முடிகின்றன. அப்படியே ஒலிகளை நிரப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் இரண்டாம் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைக் காட்டினார். இரண்டுக்கும் உடல் ஒன்றே. முதலாவதன் அடியில் மட்டும் ஒரு சிறு கோடு. 'சோ' என்பதற்கும் 'தே' என்பதற்கும் ஒரே உடல் எப்படி வரும்? முதல் சொல்லின் மூன்றாம் எழுத்தும் இரண்டாம் சொல்லின் மூன்றாம் எழுத்தும் ஒன்றே. நானோ ஒன்றுக்கு 'லெ', மற்றதற்கு 'ரோ' என்று எழுதியிருந்தேன். "பட்டத்தை விடுங்கள், பெயரைப் பிடியுங்கள்" என்றார்.

'அரசன்', 'காப்பவன்' போன்ற பட்டத்தை மொழிபெயர்ப்பார்கள், பெயரை ஒலிபெயர்ப்பார்கள். மெனாந்தரின் பெயரிலிருந்து தொடங்கினால் 'மெ-நம்-த்ர-ஸ' கிடைக்கிறது. 'மெ' என்பதன் உயிர்க்குறியை நீக்கினால் முதல் சொல்லின் முதல் எழுத்து, ஆகவே அது 'ம'. 'த்ர'வின் அடியில் உள்ள கோடுதான் இரண்டாம் சொல்லின் முதல் எழுத்திலும் இருக்கிறது, ஆகவே அதிலும் ரகரம் சேர்ந்திருக்கிறது. பிறகு அப்பொல்லோதோதஸ் அரசனின் காசைக் கொடுத்தார். அவன் பெயர் அதில் 'அ-ப-ல-த-த-ஸ'. இங்குள்ள இரண்டு தகரமும் கரோஷ்டியில் வெவ்வேறு எழுத்துகள்: முதலாவது கிரேக்க 'தெல்தா'வுக்கு, இரண்டாவது 'தௌ'வுக்கு. முதலாவது மெனாந்தரின் 'த்ர'வில் இருக்கும் உடல். இரண்டாவது நான் 'தே' என்று எழுதிய அதே எழுத்து. இப்படி வெளிப்பட்டது 'த்ரதரஸ', காப்பவனுடைய. முதல் சொல் 'மஹரஜஸ'. பசிலெயோஸுக்கும் அதற்கும் ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப்பும் கரோஷ்டியில் தடுக்கி விழுந்தவர்தான். பட்டங்களும் பெயர்களும் திரும்பத் திரும்ப வருவதை, ஆப்கானிஸ்தானில் காசுகளைத் திரட்டிய சார்லஸ் மேசன் காட்டிக்கொடுத்திருந்தார். ஆனாலும் மொழி பழைய ஈரானிய மொழியான பகலவி என்று பிரின்செப் எண்ணியிருந்தவரை வேலை நகரவில்லை. பிராகிருதம் என்று கொண்ட பிறகுதான் 'ஸ' என்பது 'உடைய' என்னும் வேற்றுமை உருபாகத் தன் இடத்தில் உட்கார்ந்தது. 1837இல் சாஞ்சியின் கல்வேலிகளில் இருந்த பிராமியை அவர் அவிழ்த்ததும் இதே வகையில்தான். சின்னச் சின்ன வரிகள் எல்லாம் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கொடையாளர்கள் செதுக்கி வைத்தவை என்று ஊகித்து, அந்த முடிவை 'தானம்' என்று படித்தார். அதற்கு முன்னால் அடிக்கடி நின்றதும் 'ஸ'தான். அங்கே அவர் கையில் இருமொழிக் கல்வெட்டு இல்லை. இடமும் வழக்கமும்தான் துணை நின்றன. அதனால் எனக்குச் சாஞ்சிதான் பெரிய சாதனையாகப் படுகிறது.

பெயர்களும் முழுவதும் நம்பத் தக்கவை அல்ல. அப்பொல்லோதோதஸின் ஒகரம் ஒன்றுகூடக் கரோஷ்டியில் இல்லை, எல்லாம் அகரமாகிவிட்டது. மெய்யெழுத்துக்குப் பெயர்களை நம்பலாம். உயிருக்கு இன்னும் நான்கு பெயர்களைப் பார்க்காமல் நான் இப்போது எதையும் எழுதுவதில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது சாதவாகனரின் இருமொழி வெள்ளிக் காசு. ஒரு பக்கம் 'வாசிட்டிபுதஸ சிரி சாதகணிஸ' என்று பிராகிருதம். மறுபக்கத்தின் ஒலிகளைத் தட்டுத்தடுமாறிக் கூட்டிக்கொண்டே வருவார்கள். 'புத' இருக்க வேண்டிய இடத்தில் 'மகண', 'சிரி' இருக்க வேண்டிய இடத்தில் 'திரு', ஒவ்வொரு 'ஸ'வுக்கும் எதிரே ஒரு 'கு'. அந்தக் 'கு'வில் விரல் நின்றதும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.