சித்தப்பாவும் ஊறின மட்டையும்

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்து போனதிலிருந்து சித்தப்பாவோடு வீட்டில் யாரும் பேசுவதில்லை. சித்தி மட்டும் பேசுகிறார், அதுவும் திட்டுவதற்கு.

எல்லாம் தண்ணீர் லாரியால் வந்த வினை. மூன்று நாளாக லாரி வரவில்லை, போரும் வற்றிப்போச்சு என்று சம்பந்தி பாவம் புலம்பினார். எங்கள் தெருவிலும் அதே நிலைமைதான், ஆனால் அதை அப்படியே சொன்னால் அவர் எங்கள் சித்தப்பாவா? தோளில் கை போட்டு, "கவலைப்படாதீங்க சம்பந்தி, நாம எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதானே" என்றார்.

கேசரித் தட்டோடு வந்த சித்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

நார் எடுக்கத் தேங்காய் மட்டையைக் குட்டையில் மாதக்கணக்கில் அமுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் கறுத்து, பக்கத்தில் போனாலே அழுகின முட்டை வாடை அடிக்கும். வெளியே எடுத்தால் எது எந்தத் தோப்பு மட்டை என்று பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே நாற்றம். ஊழலில் மாட்டின இரண்டு கட்சிக்காரர்களைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையை, குளிக்கத் தண்ணீர் இல்லாத மனுஷனிடம் போய்ச் சொன்னால்?

சித்தி முறைத்ததும் சித்தப்பா சமாளித்தார்: "அதாவது, ஒரே படகுல போறோம்னு சொல்ல வந்தேன். மட்டையா இருந்தாலும் சேர்ந்து துடுப்புப் போட்டா கரையேறிடலாம்!" ஊறின மட்டைக்குக் கை எப்போது முளைத்தது? குட்டையில் படகு எங்கே ஓடும்? சொல்வதை மனசுக்குள் ஒரு தடவை படம் போட்டுப் பார்த்திருந்தாலே இந்தத் துடுப்பு வாயைவிட்டு வந்திருக்காது.

அவர்கள் போனதும் உட்கார வைத்துச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் கஷ்டம் ஒன்றா, குணம் ஒன்றா? குணம் என்றால்தான் மட்டை, அதுவும் திட்டுவதற்கு. கூடப்படித்த சிநேகிதரிடம் தன்னையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கலாம், சம்பந்தியிடம் கூடாது. கஷ்டம் என்றால் படகு பொருந்தும், ஆனால் அது இங்கிலீஷிலிருந்து பேப்பர்க்காரர்கள் இறக்கிவிட்ட படகு, நம் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் கரை சேருகிறவரை படகிலேயே இருங்கள், நடுவில் குட்டையில் குதிக்காதீர்கள். எதற்கு வம்பு, "எங்க வீட்லயும் அதே கதைதான் சம்பந்தி" என்றால் முடிந்தது.

சித்தப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தெரிஞ்ச நீ அப்பவே சொல்லியிருக்கணும், இப்ப வெள்ளம் வந்தப்புறம் கண் கெட்டு என்ன பிரயோஜனம்" என்றார். வெள்ளத்துக்கு அணை, கண்ணுக்குச் சூரிய நமஸ்காரம் என்று பிரித்துத் தர எனக்குத் தெம்பில்லை.

இன்று காலை சம்பந்தி வீட்டிலிருந்து போன். நான்தான் எடுத்தேன். "இங்க லாரி வந்துடுச்சு, உங்க தெருவுக்கும் வருதாம், குடத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "யார் பேசினாங்கன்னு கேட்டா, இந்தப் பக்கத்து மட்டைன்னு சொல்லுங்க" என்றார்.