டெம்ப்ளேட்டில் இல்லாத நடுக்கம்

வன்னியில் ஒரு நீரிழிவு கிளினிக்கில் போசணை ஆலோசனைப் பயிற்சியில் இருந்தபோது, ஒரு அம்மாவைப் பற்றி எழுதிய குறிப்புக்கு எனக்குப் பாதி மார்க்தான் கிடைத்தது. டெம்ப்ளேட்டில் பிரச்சினை, காரணம், அடையாளம் என்று மூன்று கட்டம் இருக்கும். பட்டியலில் இருந்து தெரிவு செய்தால் போசணை நிர்ணய வசனம் தானாக அமைந்துவிடும். நான் தெரிவு செய்தவை: 'உணவு பற்றிய அறிவுக் குறைபாடு', காரணம் 'முன்னர் ஆலோசனை பெறாமை', அடையாளம் 'எச்பிஏ1சி 9.2 சதவீதம்'.

மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "9.2 என்றால் சீனி கூட என்று தெரியுது. அவவுக்கு அறிவு குறைவு என்று எதில தெரியுது?"

திரும்பப் போய் முதல்நாள் சாப்பாட்டை மணிக்கு மணி கேட்டேன். அந்த அம்மாவுக்கு 54 வயது, கச்சான் காணியில் கூலி வேலை. என்ன சாப்பிடக்கூடாது என்று என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். விடிய 5 மணிக்கு கிளிக்ளசைட் குளிசையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் போவாராம். பகல் 2 மணி வரை பிளேன்டீ மட்டும்தான், நாலு கப். கப்புக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்றால் கிட்டத்தட்ட 48 கிராம். இரவில் ஒரேயடியாக மூன்று கோப்பை சோறு.

"சீனியை விடலாமே அம்மா?"

"விட்டா பத்து மணிக்குக் கை நடுங்கும் பிள்ளை."

அங்கேதான் என் நிர்ணயம் உடைந்தது. கிளிக்ளசைட் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பாடு இல்லாமல் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். அவர் அந்தத் தேத்தண்ணியால்தான் சமாளித்து வந்திருக்கிறார். 'சீனியைத் தவிர்க்கவும்' என்ற ஆயத்த வரியை டிக் பண்ணியிருந்தால் அவரை வரப்பிலேயே விழுத்தியிருப்பேன்.

புதுக் குறிப்பிலும் பிரச்சினைப் பெயரைப் பட்டியலில் இருந்தே எடுத்தேன்: 'மாவுச்சத்து உட்கொள்ளலில் ஒழுங்கின்மை'. அடுத்தவரும் அதே பெயரில் தேட வேண்டுமே. காரணத்துக்கு மட்டும் 'மற்றவை' கட்டத்தைத் திறந்து, விடியவே வேலைக்குப் போவதையும் வெறும் வயிற்றுக் குளிசையையும் எழுதினேன். அடையாளம் உணவு நேரங்களும் தேத்தண்ணிக் கணக்கும். நடுங்கும் நேரத்தில் குருதிச் சீனியை யாரும் அளக்கவில்லை. அதனால் 'சீனி இறக்கம் என்று சந்தேகம்' என்பதோடு நிறுத்தி, மருந்தைப் பார்க்கும்படி வைத்தியருக்கு ஒரு வரி சேர்த்தேன். மருந்தை மாற்றுவது நம்முடைய வேலை இல்லை.

திட்டம் காரணத்தைத் தொட வேண்டும். இரவுச் சோற்றில் ஒரு கோப்பையைக் குறைத்து, விடிய ரொட்டியோடு குளிசை போடச் சொன்னேன். சீனியைக் குறைக்கும் பேச்சை நடுக்கம் நிற்கும் வரை தள்ளி வைத்தேன்; ஏன் தள்ளினேன் என்பதையும் எழுதினேன். இல்லாவிட்டால் அடுத்தவர் நான் மறந்துவிட்டதாக நினைத்து அதைத்தான் முதலில் சொல்வார்.

கண்காணிப்புக் கட்டத்தில் எச்பிஏ1சி தானாக வந்து நின்றது. அது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியின் கதை. அதோடு, வாரத்தில் எத்தனை நாள் காலையில் சாப்பிட்டார், எத்தனை தரம் நடுங்கியது என்பவற்றையும் சேர்த்தேன். அடுத்த கிளினிக்கில் பழைய குறிப்பைப் பிரதி எடுக்காமல் அந்த இரண்டையும் புதிதாகக் கேட்டேன். ஆறு வேலை நாளில் ஐந்து நாள் சாப்பிட்டிருந்தார். நடுங்கியது ஒரு தரம், ரொட்டி சுடாத அந்த ஆறாவது நாளில்.