ஏழு நிபுணர்களில் ஐவர் எதிராகச் சொன்னால் வைத்தியர் தோற்றுவிடுவாரா?

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடித் தீங்கியல் சட்டம் படித்தோம். மருத்துவக் கவனக்குறைவு பற்றிய பல்தேர்வு வினாக்களில் எல்லோரும் சறுக்கிய இடம் ஒன்றுதான்: நிபுணர்கள் முரண்படும் கேள்விகள். அதற்காக நாங்களே ஒரு கதையை எழுதி, அதில் ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்தோம். அதை அப்படியே தருகிறேன்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் மழையில் சரிவில் வழுக்கி விழுகிறார். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுந்துவிடுகிறது. வைத்தியர் அறுவைச் சிகிச்சை செய்யாமல் பிளாஸ்டர் போடுகிறார். சில மாதங்களில் அதே இடம் மறுபடி அறுகிறது. வழக்கில் ஐந்து நிபுணர்கள் “நாங்களென்றால் தைத்திருப்போம்” என்கிறார்கள். இருவர் “பிளாஸ்டரும் ஏற்ற முறைதான், தைத்தால் காயத்தில் கிருமித் தொற்றும் நரம்புச் சேதமும் வரலாம்” என்கிறார்கள். வைத்தியர் கவனக்குறைவாக நடந்தாரா?

ஐந்துக்கு இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் விடை தவறும். 1957-இன் போலம் வழக்கு கேட்பது, பொறுப்புள்ள வைத்தியர்களில் ஒரு சாரார் அந்தச் சிகிச்சையை முறையானது என ஏற்கிறார்களா என்பதை மட்டும்தான். அந்தச் சாரார் சிறுபான்மையாக இருக்கலாம். நீதிபதிக்கு ஐவரின் கருத்தே சிறந்ததாகப் பட்டாலும், அதை விரும்புவது மட்டும் கவனக்குறைவை நிரூபிக்காது என்று மேனார்ட் வழக்கில், அப்போது பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. ஆகவே இந்தக் கதையில் வைத்தியர் தப்புகிறார். “பெரும்பான்மை நிபுணர்களின் கருத்துப்படி” என்று தொடங்கும் தெரிவைப் பார்த்தால் உஷாராகுங்கள். பொறி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இப்போது ஒரு வரியை மாற்றுவோம். குறுக்கு விசாரணையில் அந்த இருவரும் “எங்கள் வாட்டில் எப்போதும் இப்படித்தான் செய்வோம்” என்கிறார்கள். எந்த ஆபத்தை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இங்கே 1997-இன் பொலிதோ வழக்கு வருகிறது. நிபுணர் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். நன்மையையும் ஆபத்தையும் எடைபோட்டிருக்க வேண்டும். ஆனால் இந்தக் கதவு அரிதாகத்தான் திறக்கும். காரணமே சொல்ல முடியாத நிலை என்று கேள்வி தெளிவாகக் காட்டினால் மட்டும் பொலிதோவைத் தொடுங்கள்.

அடுத்த மாற்றம்: ஸ்கேன் படத்தில் தசைநாண் முழுதாக அறுந்திருந்ததா, பாதிதானா என்பதில் நிபுணர்கள் முரண்படுகிறார்கள். பார்வைக்கு முன்னையது போலவே தெரியும், ஆனால் இது வேறு. படத்தில் என்ன இருந்தது என்பது உண்மை நிகழ்வு பற்றிய கேள்வி. அதை நீதிபதியே நிகழ்தகவுகளின் சமநிலையில், அதாவது எது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், போலம் அதற்குப் பொருந்தாது. கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளைத் தவறாகப் படித்த பென்னி வழக்கு இதைத்தான் சொன்னது. எங்கள் குழுவில் தாதியாக இருந்த அக்கா இதை ஒரே வரியில் பிடித்தார்: “படத்துல என்ன இருக்கு என்கிறது வேற, அதுக்கு என்ன செய்யணும் என்கிறது வேற.” அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் முரண்பாடு எதைப் பற்றியது என்று முதலில் கோடிட்டுவிட்டுத்தான் தெரிவுகளைப் படித்தோம்.

கடைசி மாற்றம்தான் மாணவர்களை அதிகம் குழப்புவது. தைக்கும் வழியும் இவருக்குப் பொருந்தும் என்று வைத்தியருக்கே தெரியும். ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. இங்கே 2015-இன் மொன்ட்கொமரி வழக்கு பேசும். அந்த இடத்தில் இருக்கும் ஒரு நோயாளி எந்த ஆபத்தை முக்கியமாக நினைப்பார் என்பதே அளவுகோல். நோர்வேயில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வொன்றில், அறுவைச் சிகிச்சை இல்லாதவர்களில் 100க்கு 6 பேர் அளவில் மறுபடி அறுந்தது. தைத்தவர்களில் ஒருவருக்கும் குறைவு. தினமும் சரிவில் ஏறி இறங்கிச் சம்பளம் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல. “சொல்லாமல் விடுவதும் வழமைதான்” என்று பத்து நிபுணர்கள் வந்தாலும் வைத்தியருக்கு உதவாது. ஒரு நுணுக்கம் உண்டு: எவையெல்லாம் நியாயமான மாற்று வழிகள் என்பதை 2023-இன் மெக்கலொக் வழக்கு மறுபடி மருத்துவத் தொழிலின் தீர்ப்புக்கே விட்டது. தைப்பது இவருக்கு ஏற்றதல்ல என்று வைத்தியர் கருதி, பொறுப்புள்ள ஒரு சாராரும் அதை ஆதரித்தால், அந்த வழியைச் சொல்லும் கடமை எழாது.

இவை ஆங்கிலேய, ஸ்கொட்லாந்து வழக்குகள். நம் இலங்கையில் வழக்கு ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வரும்; அவை வழிகாட்டுமே தவிரக் கட்டுப்படுத்தாது. கவனக்குறைவு இருந்தது என்று காட்டிய பிறகும், அதனால்தான் தீங்கு நேர்ந்தது என்ற காரணத் தொடர்பு பாக்கி நிற்கும். குழந்தை வைத்தியப் பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக, இறந்த ஒரு குழந்தையின் தந்தை தொடுத்த வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுத்தது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001-இல் உயர் நீதிமன்றம், குழந்தையின் மரணத்துக்கு அந்தக் கவனக்குறைவே காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அதையும் நீக்கியது. எங்கள் கதையிலும், சொல்லியிருந்தால் அந்தப் பெண் அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்திருப்பாரா என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அது இல்லையென்றால், “கடமை மீறப்பட்டது, ஆனால் காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை” என்ற தெரிவுதான் விடை.